பிள்ளைக்கு வாங்க வேண்டியது கேமிங் கன்சோலா, கேமிங் பிசியா? முழுக் கணக்கும் போட்டுப் பார்ப்போம்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு பல வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கும். அப்பாவோ அம்மாவோ இணையத்தில் விலை பார்ப்பார்கள். பிஎஸ்5 ஐம்பத்தைந்தாயிரம் சொச்சம், உருப்படியான கேமிங் பிசி ஒரு லட்சத்துக்கு மேல் என்று தெரிந்ததும், கன்சோல்தான் மலிவு என்று பேச்சு முடிந்துவிடும். பெட்டியின் விலையை மட்டும் பார்த்தால் அது சரியான முடிவுதான். ஆனால் பிள்ளை அதை நாலு வருடம் வைத்து ஆடப்போகிறது. அந்த நாலு வருடத்தில் கேம்கள் வாங்க வேண்டும், ஆன்லைன் சந்தா கட்ட வேண்டும், இடம் போதாமல் ஸ்டோரேஜ் சேர்க்க வேண்டும், நடுவில் கல்லூரிக்கு ஒரு லேப்டாப்பும் தேவைப்படலாம். இதையெல்லாம் சேர்த்துக் கூட்டினால் கணக்கு வேறு மாதிரி வரும். சில வீடுகளில் கன்சோல்தான் தெளிவாக லாபம். வேறு சில வீடுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

உங்கள் வீட்டுக்கு எது என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன. பிள்ளையின் நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள்? வீட்டுக்கு எப்படியும் ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டியிருக்கிறதா? இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம்: கோவையில் இருக்கும் 15 வயதுப் பெண், பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு எடுக்கப்போகிறாள். கணக்கு 19 வயது வரைக்கும்.

முதல் படி: கேம் பட்டியலை எழுதி வாங்குங்கள்

கடைக்குப் போகும் முன் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, அடுத்த ஒரு வருடத்தில் ஆட நினைக்கும் ஐந்து கேம்களையும், ஒவ்வொன்றையும் யாரோடு ஆடப்போகிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பாதி முடிவு அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2, லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் மூன்றும் பிசியில்தான் ஆட முடியும், கன்சோலில் கிடையாது. வேலரன்ட் 2020இல் பிசிக்கு வந்தது. 2024இல் கன்சோலுக்கும் சில நாடுகளில் வந்தாலும், கன்சோலில் ஆடுபவரும் பிசியில் ஆடுபவரும் ஒரே ஆட்டத்தில் சேர முடியாது. வகுப்புத் தோழிகள் எல்லாம் பிசியில் வேலரன்ட் ஆடும்போது இவளுக்குக் கன்சோல் வாங்கிக் கொடுத்தால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பாள். மைன்கிராஃப்ட் இரண்டிலும் உண்டு. ஆனால் யூடியூபில் பார்த்து ஆசைப்படும் மாட்களில், அதாவது ஆடுபவர்களே கேமில் செய்து சேர்க்கும் மாற்றங்களில், பெரும்பாலானவை ஜாவா பதிப்புக்கானவை, அது பிசிக்கு மட்டும்தான். ரோப்லாக்ஸ் ஆடுவதற்குக் கன்சோல் போதும். அதில் சொந்தமாக கேம் உருவாக்க வேண்டும் என்றால் ரோப்லாக்ஸ் ஸ்டுடியோ வேண்டும், அதற்குக் கம்ப்யூட்டர்தான் வேண்டும்.

பட்டியலில் ஸ்பைடர்மேன், காட் ஆஃப் வார் போன்ற சோனியின் கதை கேம்கள் இருந்தால் நிலைமை வேறு. அவை பிசிக்கும் வந்திருக்கின்றன, ஆனால் தாமதமாக. ஸ்பைடர்மேன் 2 பிஎஸ்5-க்கு 2023 அக்டோபரில் வந்தது, பிசிக்கு வந்தது 2025 ஜனவரியில். காட் ஆஃப் வார் ராக்னராக் 2022 நவம்பரில் கன்சோலுக்கு, 2024 செப்டம்பரில் பிசிக்கு. ஜிடிஏ வரிசையிலும் இதே பழக்கம்தான்: ஜிடிஏ 5 கன்சோலுக்கு வந்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் பிசியைத் தொட்டது. ஜிடிஏ 6-ஐயும் முதலில் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்குத்தான் அறிவித்தார்கள். வெளியான அன்றே அதை ஆட வேண்டும் என்பது பிள்ளையின் முதல் ஆசை என்றால், பிசி அந்த ஆசையைத் தீர்க்காது.

மைக்ரோசாஃப்ட் வெளியிடும் எக்ஸ்பாக்ஸ் கேம்கள் பொதுவாக வெளியான அன்றே பிசியிலும் கிடைத்துவிடும். அதனால் பிசி வாங்கும் வீட்டுக்கு எக்ஸ்பாக்ஸ் தேவையே இல்லை. கன்சோலா பிசியா என்ற போட்டி நிஜத்தில் பிஎஸ்5-க்கும் பிசிக்கும் இடையில்தான்.

கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஃபிஃபா 23இலிருந்து பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், பிசி மூன்றிலும் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் ஆட முடிகிறது. அந்தத் தாளில் கால்பந்து மட்டும்தான் இருக்கிறது என்றால் எதை வாங்கினாலும் நண்பர்கள் கிடைப்பார்கள்.

பிஜிஎம்ஐ மட்டும்தான் ஆடுகிறது என்றால் இரண்டுமே வேண்டாம். அது மொபைல் கேம்.

இரண்டாவது படி: வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கழியுங்கள்

கன்சோலுக்கு டிவி வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது, அதனால் அந்தச் செலவு கணக்கில் வராது. ஆனால் சாயந்திரம் ஏழிலிருந்து பத்து வரை அந்த டிவியை யார் பார்க்கிறார்கள் என்று நேர்மையாக யோசியுங்கள். பிள்ளைக்கு நேரம் கிடைப்பதும் அந்த மணிகளில்தான். பாட்டியின் சீரியலோடு மோதினால் மூன்றே மாதத்தில் தனியாக ஒரு மானிட்டர் வாங்க வேண்டி வரும். அப்படி ஆகும் என்று தெரிந்தால் பத்தாயிரம் ரூபாயை இப்போதே கன்சோல் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது லேப்டாப். இந்த ஒன்றுதான் மொத்தக் கணக்கையும் புரட்டிப்போடும். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்குப் பதினொன்றில் நிரல் எழுதிப் பழக வேண்டும், கல்லூரியில் புராஜெக்ட் செய்ய வேண்டும். கன்சோலில் இது எதுவும் நடக்காது. எனவே கன்சோல் வாங்கினால் கூடவே ஒரு சாதாரண லேப்டாப்பும் வாங்க வேண்டும், அதற்கு நாற்பதாயிரம் ஆகும். வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற கம்ப்யூட்டர் இருந்தாலோ, அரசின் இலவச மடிக்கணினி கிடைக்கப்போகிறது என்றாலோ அந்த நாற்பதாயிரத்தை அடித்துவிடலாம்.

பிள்ளைக்கு 17 வயது, அடுத்த வருடம் ஹாஸ்டல் என்றால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். மானிட்டரும் சிபியுவுமாக ஒரு பிசியை ஹாஸ்டல் அறையில் வைப்பது கஷ்டம், கன்சோலுக்கும் அங்கே திரை வேண்டும். அந்த நிலையில் மட்டும் கேமிங் லேப்டாப்பைப் பார்க்கலாம். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது, பிறகு மாற்றவே முடியாது. பெரும்பாலான மாடல்களில் ராமும் எஸ்எஸ்டியும் மட்டும் கூட்டலாம்.

மூன்றாவது படி: நாலு வருடக் கணக்கு

கீழே வரும் எண்கள் கணக்குப் போடுவதற்காக நான் வைத்துக்கொண்ட முழு எண்கள். ராம், எஸ்எஸ்டி விலைகள் 2025 கடைசியிலிருந்து கடுமையாக ஏறியிருக்கின்றன, கன்சோல் விலையும் அவ்வப்போது மாறுகிறது. நீங்கள் வாங்கும் வாரத்து விலையை இதே இடங்களில் போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் கன்சோல். டிஸ்க் போடும் பிஎஸ்5 55,000 ரூபாய். கட்டணம் கட்டி வாங்கிய கேம்களை ஆன்லைனில் நண்பர்களோடு ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். அதன் அடிப்படைத் திட்டத்துக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 4,000, நாலு வருடத்துக்கு 16,000. ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்கு இந்தச் சந்தா தேவையில்லை. கால்பந்து கேமுக்கும் ஜிடிஏ ஆன்லைனுக்கும் தேவை. வருடத்துக்கு இரண்டு புதுக் கேம்கள், ஒன்று 4,500 என்று வைத்தால் நாலு வருடத்தில் 36,000. இரண்டாம் வருடத்தில் இடம் தீர்ந்துவிடும், ஒரு எஸ்எஸ்டி 8,000. ஆகக் கூடி 1,15,000.

இதில் கொஞ்சம் திரும்பி வரும். ஆடி முடித்த டிஸ்க்கை விற்கலாம். எட்டு டிஸ்க்கும் தலா 1,500-க்குப் போனால் 12,000 கையில் வரும், நிகரம் 1,03,000. டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் மாடலை வாங்கினால் முதலில் சில ஆயிரம் மிச்சம், ஆனால் வாங்கிய கேமை விற்கவும் முடியாது, நண்பரிடம் இரவல் வாங்கவும் முடியாது. பிள்ளைக்கு வாங்கும்போது டிஸ்க் மாடல்தான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. வகுப்பில் மூன்று பேரிடம் பிஎஸ்5 இருந்தால் டிஸ்க் மாற்றிக்கொண்டே பாதிக் கேம்களை முடித்துவிடுவார்கள்.

இனி பிசி.

- பிராசஸரும் மதர்போர்டும்: 25,000
- 16 ஜிபி ராம்: 10,000
- 8 ஜிபி நினைவகம் உள்ள நடுத்தர கிராபிக்ஸ் கார்டு, ஆர்டிஎக்ஸ் 5060 அல்லது ஆர்எக்ஸ் 7600 ரகம்: 30,000
- 1 டிபி எஸ்எஸ்டி: 8,000
- பாகங்களுக்கு மின்சாரம் தரும் தரமான எஸ்எம்பிஎஸ்: 5,000
- கேபினட்: 4,000
- 24 அங்குல மானிட்டர்: 10,000
- கீபோர்டு, மவுஸ், ஹெட்செட்: 4,000
- யுபிஎஸ்: 6,000
- விண்டோஸ் உரிமம்: 10,000

கூட்டினால் 1,12,000. கடைக்காரர் எழுதிக்கொடுக்கும் கொட்டேஷனில் கடைசி இரண்டு வரிகள் பெரும்பாலும் இருக்காது. பிசி 96,000 என்று நினைத்துப் போனவர்கள் வீட்டுக்கு வந்தபிறகு இன்னும் பதினாறாயிரம் செலவு செய்வது இதனால்தான்.

பிசியில் ஆன்லைன் ஆட்டத்துக்குச் சந்தா கிடையாது. கேம்கள் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஜூன் கடைசியிலும் டிசம்பரிலும் நடக்கும் பெரிய தள்ளுபடிகளில் நன்றாக இறங்கும். எபிக் ஸ்டோர் 2018 கடைசியில் தொடங்கியதிலிருந்து இலவச கேம்களைக் கொடுத்துவருகிறது, இப்போதும் வியாழக்கிழமை தோறும் ஒன்றாவது வரும். 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐயே அப்படிக் கொடுத்தார்கள். வாங்கியது பிடிக்கவில்லை என்றால், 14 நாளுக்குள்ளும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியும் இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும் 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டால் பொதுவாக அந்த உரிமை போய்விடும். தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்கும் பிள்ளைக்கு வருடத்துக்கு 4,000 தாராளம், நாலு வருடத்துக்கு 16,000. மொத்தம் 1,28,000. மூன்றாம் வருடக் கடைசியில் கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் புதிது 30,000, பழையதை விற்று 12,000 வந்தால் இன்னும் 18,000 சேரும். ஆக 1,46,000.

இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லேப்டாப் தேவையில்லாத வீட்டில் கன்சோல் 1,03,000, பிசி 1,28,000 முதல் 1,46,000 வரை. சந்தேகமே இல்லாமல் கன்சோல்தான் மலிவு. லேப்டாப்பும் வாங்கியாக வேண்டிய வீட்டில் கன்சோலும் லேப்டாப்பும் சேர்ந்து 1,43,000. கார்டு மாற்றிய பிசியோடு வித்தியாசம் மூவாயிரம்தான். கார்டு மாற்றாமலே ஓட்டினால் பிசிக்குப் பதினைந்தாயிரம் குறைவு. நம் கோவைப் பெண்ணுக்குப் பிசி என்று நான் சொல்வது இதனால்தான். பள்ளி வேலையும் ஆட்டமும் ஒரே செலவில் முடிகிறது.

கரண்ட் பில்லைப் பற்றிப் பலர் கேட்பார்கள். பெரிய கேம் ஓடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட் எடுக்கும், மேலே சொன்ன பிசி மானிட்டரோடு சேர்த்து 300 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் கன்சோலுக்கு 24 யூனிட், பிசிக்கு 36 யூனிட். வித்தியாசம் பன்னிரண்டு யூனிட்தான், முடிவை மாற்றாது. ஏற்கெனவே 480, 490 யூனிட்டில் நிற்கும் வீடு என்றால் மட்டும் கவனியுங்கள். 500-ஐத் தாண்டினால் தமிழ்நாட்டில் கட்டணம் வேறு அட்டவணைக்குப் போய்விடும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு ஓட்டை இருக்கிறது: கேமுக்குள் வாங்கும் ஸ்கின், பாயின்ட், பேக். இலவச கேம் என்று நம்பும் வீடுகளில்தான் இது அதிகம் வடியும். பிஎஸ்5-இல் பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறந்து குடும்ப மேலாளர் கணக்கின் கீழ் வைத்தால், மாதத்துக்கு இவ்வளவுதான் செலவு என்று வரம்பு போடலாம், தினசரி ஆடும் நேரத்தையும் கட்டலாம். பிசியில் மைக்ரோசாஃப்ட்டின் குடும்பக் கணக்கில் நேர வரம்பு வரும். ஆனால் ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனிக் கடை இருப்பதால் பண வரம்பு ஒரே இடத்தில் கிடைக்காது. அதனால் பிசியில் வங்கிக் கார்டு எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் கன்சோல் பெற்றோருக்குத் தெளிவாகவே வசதி.

நான்காவது படி: நாளைக்கு எதை மாற்றலாம்?

கன்சோலில் மாற்றக்கூடியது ஸ்டோரேஜ் ஒன்றுதான். 1 டிபி என்று போட்ட பிஎஸ்5-இல் கேமுக்குக் கிடைப்பது சுமார் 840 ஜிபி. கால் ஆஃப் டூட்டி மாதிரி ஒரு கேமே 100 ஜிபியைத் தாண்டும். உள்ளே எம்.2 எஸ்எஸ்டி போட இடம் இருக்கிறது. மேல் மூடியைக் கழற்றி, ஒரு திருகை எடுத்து, சொருகி, மூடினால் முடிந்தது, உத்தரவாதம் போகாது. வாங்கும்போது Gen 4 வகையா, ஹீட்சிங்க் உடன் வருகிறதா என்று பாருங்கள். வெப்பத்தை இழுக்கும் தகடு இல்லாமல் போடக்கூடாது என்பது சோனியே சொல்வது. பழைய யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கைச் சொருகிச் சமாளிக்கலாமே என்றால், பிஎஸ்5 கேமை அதில் வைத்திருக்கலாம், அதிலிருந்து ஆட முடியாது. பிஎஸ்4 கேம்கள் மட்டும் ஓடும்.

மற்றபடி உள்ளே இருக்கும் சிப் 2020இல் வந்த நாளில் எப்படியோ அப்படித்தான் இருக்கும். அது குறை என்று நினைக்க வேண்டாம். கேம் செய்பவர்கள் அந்த ஒரே பெட்டிக்கு ஏற்றபடி கேமைச் சீராக்கித் தருவதால், ஐந்தாவது வருடத்திலும் செட்டிங் எதையும் தொடாமல் ஓடும். பிஎஸ்4 வந்தது 2013இல், பிஎஸ்5 வந்தது 2020இல். நடுவில் ஏழு வருடம். அடுத்த தலைமுறை வரும்போது முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும், அதுதான் கன்சோலின் மேம்பாடு. பிஎஸ்4 கேம்களில் ஏறக்குறைய எல்லாமே பிஎஸ்5-இல் ஓடுகின்றன என்பதால் சேர்த்த கேம்கள் வீணாகவில்லை.

பிசியில் எல்லாவற்றையும் மாற்றலாம் என்பார்கள். அது பாதி உண்மை. எதை மாற்ற முடியும் என்பது முதல் நாள் வாங்கும் மூன்று பாகங்களைப் பொறுத்தது: மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினட். அடுத்த கிராபிக்ஸ் கார்டுக்குப் போதுமான வாட் இல்லாத எஸ்எம்பிஎஸ் போட்டால், முப்பதாயிரம் கார்டோடு இன்னொரு ஐந்தாயிரம் போகும். இப்போதைக்கு 450 வாட் போதும் என்றாலும் 650 வாட் வாங்குங்கள்.

மதர்போர்டில் பார்க்க வேண்டியது பிராசஸர் உட்காரும் சாக்கெட். ஏஎம்டி 2017இல் ரைசனை ஏஎம்4 சாக்கெட்டில் கொண்டுவந்தது. 2022இல் வந்த 5800எக்ஸ்3டி கூட அதே சாக்கெட்டில்தான். ஐந்து வருடத்துக்கு முந்தைய பல போர்டுகளில் பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்து அதைப் போட முடிந்தது. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5-க்கும் 2027 வரை, அதற்குப் பிறகும் ஆதரவு தருவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல் பக்கம் எல்ஜிஏ1700 சாக்கெட் 14ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. 15 வயதில் வாங்கி 19 வயதில் பிராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்5 போர்டுதான் பொருத்தம்.

கையில் ஒரே தடவையில் 1,12,000 இல்லை என்றால் பிசியில் ஒரு நல்ல வழி உண்டு. ரைசன் 5 8600ஜி மாதிரி, உள்ளேயே சுமாரான கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸரை எடுத்துக்கொண்டு, தனிக் கார்டு இல்லாமல் தொடங்குங்கள். ஏறக்குறைய 85,000-க்குள் முடியும். வேலரன்ட், மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ் எல்லாம் இதில் தாராளமாக ஓடும். பெரிய கதை கேம்கள் திணறும், அவற்றை அடுத்த வருடம் கார்டு போட்டபிறகு ஆடிக்கொள்ளலாம். இப்படித் தொடங்கும்போது ராமை ஒரே 16 ஜிபியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமையேதான் பயன்படுத்துகிறது. இரண்டு குச்சி இருந்தால் இரண்டு பாதையில் தகவல் வரும். ஒரே குச்சியோடு விட்டால் ஆட்டத்தின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி விழும்.

ஐந்தாவது படி: பிசி என்று முடிவானால், கடையில்

ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, மொத்தத்துக்கு ஒரு விலை என்று பேசாதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி, மாடல் எண் போட்டு எழுதி வாங்குங்கள். "500 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது கேபினட்டோடு சும்மா வரும் மலிவு ரகமாக இருக்கலாம். 80 Plus Bronze தரச்சான்று உள்ள மாடலைக் கேளுங்கள். "4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்று எழுதியிருந்தாலும் மாடல் எண்ணைக் கேளுங்கள். ஜிடி 730 என்ற பழைய கார்டும் 4 ஜிபியில் வருகிறது. அது படம் பார்க்கத்தான் ஆகும், இன்றைய கேம்களுக்கு ஆகாது.

பழைய ஆஃபீஸ் கம்ப்யூட்டரை மலிவாக வாங்கி அதில் கார்டு போடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் 7ஆம் தலைமுறையும் அதற்கு முந்தையதும் பெரும்பாலும் அதன் பட்டியலில் இல்லை. வேலரன்ட் விண்டோஸ் 11-இல் டிபிஎம்மும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பும் இல்லாமல் திறக்கவே திறக்காது, VAN9001 என்ற பிழை வந்து நிற்கும்.

விண்டோஸை 500 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாதிரி கீ எப்போது வேண்டுமானாலும் முடங்கலாம். கிராக் செய்த பதிப்போடு வைரஸும் வந்து சேரும், பிள்ளையின் ஸ்டீம் கணக்கு திருட்டுப்போக அதுவே போதும்.

யுபிஎஸ் வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் விஏ எண்ணை நம்பாதீர்கள், வாட் எண்ணைப் பாருங்கள். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான். 300 வாட் எடுக்கும் பிசி திடீரென்று கொஞ்சம் கூட இழுத்தால் கரண்ட் போன நொடியில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிடும். 1000 விஏ எடுங்கள்.

ஆறாவது படி: வீட்டுக்கு வந்த அன்றே சோதியுங்கள்

கன்சோலுக்கு இது பத்து நிமிட வேலை. ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள், கன்ட்ரோலரின் இரண்டு குச்சிகளையும் விட்டுவிட்டு ஆட்டத்தில் பாத்திரம் தானாக நகர்கிறதா என்று கவனியுங்கள். தானாக நகர்ந்தால் கன்ட்ரோலரை உடனே மாற்ற வேண்டும். உத்தரவாதம் ஒரு வருடம், பில்லைப் பத்திரமாக வையுங்கள். பின்பக்கம் காற்று வெளியேற இடம் விட்டு வையுங்கள், டிவி அலமாரிக்குள் தள்ளி மூடினால் சூடாகி நிற்கும்.

பிசிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் மானிட்டர் கேபிள். கிராபிக்ஸ் கார்டில் சொருகுவதற்குப் பதிலாக மதர்போர்டில் சொருகியிருந்தால், முப்பதாயிரம் கொடுத்த கார்டு சும்மா இருக்கும், கேம் திணறும். சிபியுவின் பின்பக்கம் மேலே, யுஎஸ்பி ஓட்டைகளோடு இருப்பது மதர்போர்டு. கீழே படுக்கைவாட்டில் தனியாக இருப்பது கார்டு. கேபிள் கீழேதான் போக வேண்டும்.

அப்புறம் மானிட்டரின் வேகம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தாலும் விண்டோஸ் அதை 60-இல் வைத்திருப்பது சாதாரணமாக நடக்கும். Settings திறந்து System, Display, Advanced display என்று போய் எண்ணை மாற்றுங்கள். Task Manager-இல் Performance பக்கத்தைத் திறந்தால் Memory என்ற இடத்தில் எத்தனை ராம் குச்சி என்று Slots used வரியில் காட்டும். GPU என்ற இடத்தில் கார்டின் பெயர் இருக்கும். கொட்டேஷனில் எழுதியதும் இங்கே தெரிவதும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே Memory பக்கத்தில் ராமின் வேகமும் தெரியும். பெட்டியில் போட்டதைவிடக் குறைவாக இருந்தால் பயோஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போடாமல் விட்டிருக்கிறார்கள்.

கடைசியாக டிபிஎம். விண்டோஸ் விசையையும் R விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டுங்கள்:

```
tpm.msc
```

Specification Version 2.0 என்று வந்தால் சரி. டிபிஎம் இல்லை என்று வந்தால் பெரும்பாலும் பயோஸில் அணைத்து வைத்திருப்பார்கள். ஏஎம்டி போர்டில் fTPM, இன்டெல் போர்டில் PTT என்ற பெயரில் இருக்கும், அதை இயக்கினால் போதும். செக்யூர் பூட் இயங்குகிறதா என்று பார்க்க அதே பெட்டியில் இதைத் தட்டி, Secure Boot State என்ற வரியைப் பாருங்கள்:

```
msinfo32
```

இதெல்லாம் முடிந்ததும் ஒரு பெரிய கேமை ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட விடுங்கள். நடுவில் பிசி தானாக அணைந்தாலோ ரீஸ்டார்ட் ஆனாலோ முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல், அடுத்தது சூடு. அன்றைக்கே கடைக்கு எடுத்துப் போங்கள். பாகம் பாகமாக பில் வாங்கியிருந்தால், அதில் சீரியல் எண்ணும் இருந்தால், மூன்று வருட உத்தரவாதம் உள்ள கார்டை இரண்டாம் வருடத்தில் மாற்றித்தரச் சொல்லிக் கேட்கும்போதும் அந்தத் தாள்தான் கைகொடுக்கும். "கம்ப்யூட்டர் 1 செட்" என்று ஒரே வரியில் எழுதிய பில்லோடு போனால் எந்தப் பாகத்துக்கும் கம்பெனியிடம் உரிமை கேட்பது பெரும்பாடு.